ஆட்டுக்குப் பதில் 10 ரூபாய் நாணயம்

வேள்விக்காக ஒருவர் பக்கத்து ஊரில் ஆடு வாங்குகிறார். அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வழியே வீட்டுக்கு நடக்கிறார். மூன்று எத்தர்கள் அதைப் பார்த்துவிடுகிறார்கள். ஆட்டைப் பறிக்க அவர்கள் கையை ஓங்கவில்லை. ஆளுக்கொரு மரத்தடியில், ஒவ்வொருவருக்கும் நடுவே இரண்டு மைல் போல இடைவெளி விட்டு, உட்கார்ந்துகொள்கிறார்கள். முதல் ஆள், "என்ன சாமி, நாயைத் தோளில் சுமந்துட்டுப் போறீங்க?" என்று கேட்கிறான். இது ஆடு என்று சொல்லிவிட்டு அவர் நடக்கிறார். இரண்டாம் ஆளும் அதையே கேட்கிறான். இப்போது அவர் ஆட்டைக் கீழே இறக்கி, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, மறுபடியும் தோளில் ஏற்றிக்கொள்கிறார். கால் நடக்கிறது, மனம் ஊசலாடுகிறது. மூன்றாம் ஆளும் நாய் என்றதும் ஆட்டை அங்கேயே விட்டுவிட்டு, குளித்து முழுகி வீட்டுக்குப் போகிறார். எத்தர்கள் ஆட்டை விருந்தாக்குகிறார்கள்.

இது ஹிதோபதேசம் சொல்லும் வடிவம். தமிழ்நாட்டில் ஆரம்பப் பள்ளியைத் தாண்டிய யாருக்கும் இந்தக் கதை ஏதோ ஒரு வகையில் தெரிந்திருக்கும். ஏழு வயதில் கேட்கும்போது பிடித்த கதைதான். பதினாலு வயதில் கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆட்டுக்கும் நாய்க்கும் வித்தியாசம் தெரியாத ஆள் உண்டா என்று எட்டாம் வகுப்புப் பையன் கேட்டால், பெரியவர்களிடம் சட்டென்று பதில் இருக்காது. அதனால்தான் பழைய நீதிக்கதைகளை நகரத்துக்குக் கொண்டுவரும் முயற்சிகள் தொடர்ந்து நடக்கின்றன. காட்டுக்குப் பதில் பஸ், ஆட்டுக்குப் பதில் செல்போன், எத்தனுக்குப் பதில் கடைக்காரர் என்று மாற்றினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொருளை மாற்றும் அந்த இடத்தில்தான் கதை பெரும்பாலும் உயிரை விடுகிறது.

செல்போனையே எடுத்துக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாணவி பழைய போன் ஒன்றை வாங்கி வெளியே வருகிறாள். வழியில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, "இது திருட்டு போன்" என்கிறார்கள். பயந்துபோய் வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நகரம் இருக்கிறது, மூன்று பேர் இருக்கிறார்கள், பயம் இருக்கிறது. ஆனால் இது அந்தக் கதை இல்லை. போன் திருட்டுப் பொருளா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. அவள் பயப்பட்டதில் நியாயம் இருக்கிறது. தெரியாத ஒன்றைப் பற்றி மூன்று பேர் எச்சரித்தால் யோசிப்பதுதான் புத்திசாலித்தனம். பழைய கதையில் இருந்தவருக்கோ எல்லாமே தெரியும். அவரே விலை கொடுத்து வாங்கிய ஆடு, அவருடைய தோளில் சூடாக இருக்கிறது, காதருகே கத்தவும் கத்தும். அறியாமையால் ஏமாந்தவரின் கதையாக அது சொல்லப்படவில்லை. அறிந்ததைக் கைவிட்டவரின் கதை அது. போனை வைத்துச் சொன்னால் கிடைப்பது நுகர்வோர் விழிப்புணர்வுப் பாடம், அவ்வளவுதான்.

ஆகவே புது ஆட்டைத் தேடுகிறவர், கையில் இருக்கும் அத்தாட்சியே போதும் என்கிற ஒரு பொருளைத் தேட வேண்டும். கூடவே இன்னும் இரண்டை விட்டுவிடக் கூடாது.

ஒன்று, எத்தர்களுக்கு நடுவில் இருந்த அந்த இரண்டு மைல். மறுபடி சொல்பவர்கள் பலரும் நேரத்தை மிச்சப்படுத்த மூன்று பேரையும் ஒரே இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து நின்று ஆட்டை நாய் என்றால், இது ஏதோ கூட்டுக் களவாணித்தனம் என்று எவருக்கும் தோன்றிவிடும். தனித்தனியாக, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் போலச் சொன்னால்தான் அது மூன்று சாட்சியாகிறது. உளவியலாளர் டேவிட் வைல்டர் 1977இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கண்டது. நான்கு பேர் ஒரே குழுவாக வந்து ஒரு கருத்தைச் சொல்வதைவிட, இரண்டிரண்டு பேராக வேறு வேறு குழுக்களாக வந்து அதே கருத்தைச் சொன்னால் கேட்பவர் அதிகம் இணங்குகிறார். கதை சொன்னவர்களுக்கு ஆய்வுக்கூடம் எதுவும் தேவைப்படவில்லை.

எத்தர்கள் ஏன் மூன்று பேர் என்ற கேள்விக்கும் ஒரு சுவையான பதில் உண்டு. அமெரிக்காவில் 1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனை புகழ்பெற்றது. ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் நீளம் மாறுபட்ட மூன்று கோடுகள். முதல் கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்ல வேண்டும். பார்த்தவுடன் தெரிகிற பதில்தான். தனியாக விட்டால் எவரும் தவறுவதே அரிது. ஆனால் கூட இருந்தவர்கள் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தவறான பதிலைச் சொல்பவர்கள். எதிரில் ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னபோது மாணவர்கள் அசையவே இல்லை எனலாம். இரண்டு பேர் சொன்னபோது 13.6 சதவீதப் பதில்கள் தவறின. மூன்று பேர் சொன்னபோது அது 31.8 சதவீதமாக ஏறியது. அதற்கு மேல் ஆட்களைக் கூட்டியும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நான்காவது எத்தனுக்குக் கதையில் வேலை இல்லாமல் போனதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இந்த எண்ணை மறுபக்கம் திருப்பியும் படிக்க வேண்டும். மூன்று பேர் ஒரே குரலில் தவறாகச் சொல்லியும், மூன்றில் இரண்டு பங்குப் பதில்கள் சரியாகவே வந்தன. மனிதர்கள் எல்லாரும் ஆட்டு மந்தை என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. கதையை மறுபடி எழுதுகிறவர் தன் நாயகனை முட்டாளாகக் காட்டவும் கூடாது.

விடக் கூடாத இன்னொன்று நாய். எத்தர்கள் ஆட்டைப் பூனை என்றோ முயல் என்றோ சொல்லவில்லை. வேள்விக்குப் போகிறவர் தோளில் நாய் இருப்பது அந்தக் காலத்து ஆசாரப்படி தீட்டு, ஊர் சிரிக்கும் அவமானம். அவரை அசைத்ததில் சந்தேகத்துக்குப் பாதிப் பங்குதான், மீதி வெட்கத்துடையது. அதனால்தான் அவர் ஆட்டை விட்டதோடு நிற்காமல் குளிக்கவும் செய்கிறார். பதின்வயதினருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையே இல்லை. பத்துப் பேர் முன்னால் கேவலப்படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களுக்குத் தெரியும்.

கையில் அத்தாட்சி, தனித்தனிக் குரல்கள், வெட்கம். இந்த மூன்றும் பொருந்தி வரும் ஒரு ஆடு தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் உண்மையிலேயே நடமாடியது. அதுதான் 10 ரூபாய் நாணயம்.

இரண்டு உலோகத்தால் ஆன இந்த நாணயம் 2009 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. முதலில் வந்தவற்றில் ரூபாய்க் குறி கிடையாது, ஏனெனில் அந்தக் குறியே 2010இல்தான் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் அடித்த நாணயங்களில் குறி இருக்கிறது, அதற்கு மேலே கதிர் போலச் சில கோடுகளும் இருக்கின்றன. பழையதில் 15 கோடுகள், புதியதில் 10. இவை போக, தலைவர்களின் நினைவாகவும் நிகழ்ச்சிகளின் நினைவாகவும் வெளியிட்டவை வேறு. ஒரே மதிப்புக்கு இத்தனை முகங்கள் இருந்ததால் சந்தேகம் முளைத்தது. 15 கோடு போட்டது போலி என்றார்கள். குறி இல்லாதது செல்லாது என்றார்கள். அரசாங்கம் நிறுத்திவிட்டது என்றும் சொன்னார்கள். 2016ஆம் ஆண்டின் பணமதிப்பிழப்பு நேரத்தில் இந்தப் பேச்சு நன்றாகவே பரவியது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் கடைகளும் பஸ்களும் இந்த நாணயத்தை வாங்க மறுத்தன.

ரிசர்வ் வங்கி சும்மா இருக்கவில்லை. 2018 ஜனவரி 17 அன்று வெளியிட்ட அறிக்கையில், அதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வெளிவந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று தெளிவாகச் சொன்னது. பயப்படாமல் வாங்குங்கள் என்று செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியது. 14440 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் விளக்கம் சொல்லவும் ஏற்பாடு செய்தது. அதற்குப் பிறகும் பல ஊர்களில் நிலைமை உடனே மாறிவிடவில்லை. 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் சுமார் 6 லட்சம் ரூபாய்க்கு 10 ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொடுத்துக் கார் வாங்கிய செய்தி வெளியானது. அவருடைய அம்மா நடத்திய கடையில் யாரும் அந்தக் காசை வாங்காததும், அதை மதிப்பில்லாத பொருளாக்கிக் குழந்தைகள் விளையாடியதும்தான் தன்னை அப்படிச் செய்யத் தூண்டின என்று அவர் சொல்லியிருந்தார்.

இனி இதைக் கதையாக்கிப் பார்க்கலாம். இடம் சேலம், காலம் 2019 கோடை விடுமுறை. பையன் பெயர் கதிர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவன். வீடு அம்மாப்பேட்டையில், அப்பாவுக்கு விசைத்தறியில் வேலை. மண் உண்டியலை உடைத்தபோது 62 நாணயங்கள் இருந்தன, எல்லாமே 10 ரூபாய். ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 600 ரூபாய்க்கு ஷட்டில் பேட் பார்த்து வைத்திருக்கிறான். நாணயங்களை மஞ்சப்பையில் போட்டு முடிந்துகொண்டு கிளம்புகிறான்.

பஸ் ஸ்டாப் டீக்கடையில் கேட்கிறான்: "அண்ணே, இதை நோட்டா மாத்தித் தர்றீங்களா?"

கடைக்காரர் பைக்குள் எட்டிப் பார்க்கிறார். "பத்து ரூவா காயினா? அது இப்ப ஓடறதில்ல கண்ணு. நானே வெச்சுக்கிட்டு முழிக்கறேன்."

"நல்ல காசுதாண்ணே."

"நல்லதுதான். வாங்கறவன் யாரு?"

கதிர் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுகிறான். டிக்கெட்டுக்கு ஒரு நாணயத்தை நீட்டுகிறான். கண்டக்டர் அதைத் தொடக்கூட இல்லை.

"வேற குடு தம்பி."

"ஏன்ணா?"

"இது செல்லாதுப்பா. நான் வாங்கினா என் கைக்காசுதான் போகும். பெரிய பை நெறைய இதானா?" என்று கண்டக்டர் சத்தமாகவே கேட்கிறார். முன் சீட்டில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருத்தி சிரிக்கிறாள். அவள் வேறு எதற்கோ சிரித்திருக்கலாம். கதிருக்குக் காது சூடாகிறது. அம்மா கொடுத்த 20 ரூபாய் நோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி சீட்டுக்குப் போய்விடுகிறான்.

அங்கே உட்கார்ந்து பையை அவிழ்த்துப் பார்க்கிறான். சிங்க முகம் இருக்கிறது, இந்தியா என்று எழுதியிருக்கிறது, இரண்டு உலோகமும் சரியாக இருக்கிறது. ஆனால் இதுவரை கவனிக்காத ஒன்று கண்ணில் படுகிறது. சிலதில் ரூபாய்க் குறி இருக்கிறது, சிலதில் இல்லை. கோடுகளை எண்ணுகிறான், ஒன்றில் 10, இன்னொன்றில் 15. மடியிலேயே இரண்டு குவியலாகப் பிரிக்கிறான். 40 ஒரு பக்கம், 22 ஒரு பக்கம்.

பக்கத்து சீட்டுக்காரர் சட்டைப்பையில் பேனா செருகியிருக்கிறார், மடியில் ஒரு ஃபைல் இருக்கிறது. கேட்காமலே சொல்கிறார்: "பதினஞ்சு கோடு போட்டது டூப்ளிகேட் தம்பி. எங்க ஆபீஸ்ல ரெண்டையுமே வாங்கறதில்ல. போலீஸ் கீலீஸ்னு வம்பு வேற."

ஐந்து ரோட்டில் இறங்குகிறான். விளையாட்டுச் சாமான் கடை எதிரிலேயே இருக்கிறது, பேட் கண்ணாடிக்குள் தொங்குகிறது. கதிர் உள்ளே போகவில்லை. கல்லாவில் பையைக் கவிழ்க்கும்போது கடையில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்துப் பார்க்கிறான். அப்படியே நகர்ந்து, இரண்டு கடை தள்ளி இருக்கும் ரீசார்ஜ் கடையில் நிற்கிறான்.

"அண்ணா, இந்தக் காசு..."

"செல்லாதே தம்பி." கடைக்காரர் கொஞ்சம் யோசிக்கிறார். "எனக்கு பேங்க்ல தெரிஞ்ச ஆள் இருக்கு. ஒண்ணுக்கு ஆறு ரூபா தர்றேன், வேணும்னா குடு."

62 நாணயத்துக்கு 372 ரூபாய். எண்ணி வாங்கிக்கொள்கிறான். வீட்டில் அம்மா பேட் எங்கே என்று கேட்டபோது, கடை பூட்டியிருந்தது என்கிறான்.

கதை இவ்வளவுதான். பழையதோடு ஒப்பிட்டால் எது எங்கே போயிருக்கிறது என்று புரியும். ஆட்டை இறக்கிவைத்துப் பார்த்த இடம், மடியில் இரண்டு குவியலானது. அந்த மனிதர் குளித்த இடம், அம்மாவிடம் சொன்ன பொய்யானது. இரண்டுமே அவமானத்தைக் கழுவும் வேலைதான். பழைய கதையில் அவர் ஆட்டைப் பார்த்தும் பயனில்லை என்பது பலருக்குப் புரியாத புதிராக இருந்தது. இங்கே காரணம் தெரிகிறது. சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கினால், எப்போதும் இருந்த ஒரு சாதாரண வேறுபாடுகூடக் குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. 15 கோடும் 10 கோடும் நாணயத்தில் முதலிலிருந்தே இருந்தவை. பஸ்ஸில் ஒரு குரல் கேட்ட பிறகுதான் அவை கதிரின் கண்ணில் பட்டன.

மூன்று பேரும் மூன்று வேறு காரணம் சொன்னதையும் கவனிக்க வேண்டும். டீக்கடைக்காரர் நல்ல காசுதான், ஆனால் ஓடாது என்றார். கண்டக்டர் செல்லாது என்றார். ஃபைல்காரர் போலி என்றார். நியாயமாகப் பார்த்தால் இவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் நல்ல காசாக இருந்தால் அது போலியாக இருக்க முடியாது. பஞ்சதந்திரத்தின் ஒரு வடிவத்தில் இதே சூழ்ச்சி வருகிறது. அதில் எத்தர்கள் எல்லாரும் நாய் என்று சொல்வதில்லை. ஒருவன் நாய் என்கிறான், அடுத்தவன் செத்த கன்று என்கிறான், மூன்றாமவன் கழுதை என்கிறான். மூன்றும் முரண்படுவதால் அவர் தெளிந்திருக்க வேண்டும். அவரோ, நிமிடத்துக்கொரு உருவம் எடுக்கிறது என்றால் இது பேய்தான் என்று பதறி ஆட்டை எறிந்துவிடுகிறார். ஹிதோபதேச வடிவத்தைவிட இது நகரத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. வதந்தி பஸ்ஸில் வரும்போது ஒரே வாக்கியமாக வருவதில்லை, ஆளுக்கொரு காரணத்தோடுதான் வருகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். எத்தர்கள் எங்கே போனார்கள்? பழைய கதையில் மூவரும் கூட்டாளிகள், ஆடு அவர்கள் வயிற்றுக்குப் போயிற்று. கதிரின் கதையில் முதல் மூவரும் நல்லவர்கள். டீக்கடைக்காரர் தானே நட்டப்பட்டவர், கண்டக்டர் தன் கைக்காசுக்குப் பயந்தவர், ஃபைல்காரர் உதவுவதாக நினைத்தவர். உண்மையில் நடந்ததும் அப்படித்தான். 10 ரூபாய் நாணயத்தை எவரும் சதி செய்து செல்லாக்காசாக்கவில்லை, மற்றவர் வாங்க மாட்டார் என்று ஒவ்வொருவரும் நினைத்ததே போதுமானதாக இருந்தது. கண்டக்டரின் பயத்தில் தவறும் இல்லை. அடுத்த பயணி சில்லறையாக அதை வாங்க மறுத்தால் அவர் என்ன செய்வார்? இந்தச் சங்கிலியைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் எத்தர்களை எடுத்துவிடுவதே சரி. ரீசார்ஜ் கடைக்காரரை மட்டும் இரண்டும்கெட்டானாக விட்டுவைக்கலாம். அவர் திருடனா, ஆபத்தை விலை கொடுத்து வாங்கிய வியாபாரியா? வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் மணி அடித்தும் சண்டை ஓயாது.

விளையாட்டுச் சாமான் கடை வாசலில் '10 ரூபாய் நாணயம் பெற்றுக்கொள்ளப்படும்' என்று ஒரு பலகையைத் தொங்கவிட, எழுதுகிறவர் கை துறுதுறுக்கும். தொங்கவிட்டால் ஒரு கச்சிதமான திருப்பம் கிடைக்கும், ஆனால் பிள்ளைகள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். அந்தக் கடைக்காரர் வாங்கியிருப்பாரா மாட்டாரா என்று தெரியாமல் இருப்பதே நல்லது. கேட்டிருக்க வேண்டிய ஒரே கடையில் கதிர் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறுத்தும்.

ஆஷின் சோதனையில் இன்னொரு பகுதி உண்டு. கதையில் கூட்டவோ குறைக்கவோ நினைப்பவர்களுக்கு அது பயன்படும். எல்லாரும் தவறாகச் சொல்லும் அறையில், சரியாகச் சொல்லும் ஒரே ஒரு ஆளை உடன் உட்கார வைத்தபோது, மாணவர்கள் இணங்கிப்போவது ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது. பஸ்ஸில் கதிருக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்து, "எங்கிட்டயும் இருக்கு கண்ணு, நேத்துதான் பேங்க்ல போட்டேன்" என்று சொல்லியிருந்தால் கதை வேறு பக்கம் போயிருக்கும். பிள்ளைகளிடமே இந்த மாற்றத்தை எழுதச் சொல்லலாம். யார் அந்த ஒருவர், எந்த இடத்தில் பேச வேண்டும், கண்டக்டருக்கு முன்பா பின்பா என்று அவர்கள் முடிவுசெய்யட்டும். ஃபைல்காரருக்குப் பின்னால் பேசினால் பலன் இருக்குமா என்பது நல்ல வாதம்.

ஆட்டை இடம் மாற்றுவது புதிய சிந்தனை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா வழியாக அரபுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போனது. தமிழில் தாண்டவராய முதலியார் 1826இல் உரைநடையில் தந்தார். போகும் இடமெல்லாம் கதைகள் உடை மாற்றிக்கொண்டன. இடைக்கால ஐரோப்பாவில் இலத்தீனில் தொகுத்த 'கெஸ்டா ரோமனோரம்' என்ற நூலில் இதே அமைப்பில் ஒரு கதை இருக்கிறது. அதில் ஆடே கிடையாது. நன்றாகத் தொழில் செய்யும் ஒரு மருத்துவர் மேல் மூன்று மருத்துவர்கள் பொறாமைப்படுகிறார்கள். அவர் போகும் வழியில் தள்ளித் தள்ளி நின்று, ஒவ்வொருவரும் அவரைப் பார்த்து அதிர்ந்தது போல நடித்து, உனக்குத் தொழுநோய் என்கிறார்கள். மூன்றாமவர் சொன்னதும் அவர் நம்பிவிடுகிறார். தோளில் இருந்த ஆடு இங்கே சொந்த உடம்பாகிவிட்டது. 'ஏன் இப்படி இளைச்சுட்ட', 'ஏன் இப்படிக் கறுத்துட்ட' என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டுக் கண்ணாடி முன் நிற்கும் பதினைந்து வயதுக்காரர்களுக்கு, நாணயக் கதையைவிட இந்த வழி இன்னும் நெருக்கமாக இருக்கக்கூடும். அது வேறு ஒருவர் எழுத வேண்டிய கதை.

கடைசியில் நீதி என்ன என்று கேட்பார்கள். ஹிதோபதேசம் ஒரு பதில் வைத்திருக்கிறது. எத்தனையும் தன்னைப் போல உண்மை பேசுபவன் என்று எண்ணினால் ஏமாறுவாய் என்கிறது. பஞ்சதந்திரத்தில் இந்தக் கதை வேறு இடத்தில் வருகிறது. அங்கே காகங்களுக்கும் ஆந்தைகளுக்கும் பகை. வலிமையான ஆந்தைகளைச் சூழ்ச்சியால் எப்படி வெல்லலாம் என்று காகராஜனுக்கு முதிய அமைச்சர் ஸ்திரஜீவி எடுத்துச் சொல்லும் உதாரணம்தான் இந்தக் கதை. அதாவது, எத்தர்கள் அங்கே பாராட்டப்படுகிறார்கள். ஒரே கதை ஓரிடத்தில் எச்சரிக்கை, இன்னோரிடத்தில் போர்த்தந்திரம். நீதியைக் கதைக்குள் யாரும் பூட்டிவைக்கவில்லை, சொல்பவர்தான் வாலாகக் கட்டிவிடுகிறார். பதின்வயதினருக்குச் சொல்லும்போது அந்த வாலை அறுத்துவிட்டால் கதைக்கு நட்டம் எதுவும் இல்லை. இரண்டாவது குரலோடு நிறுத்திவிட்டு, கதிர் அடுத்து என்ன செய்வான் என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்டுவிட்டுப் பெரியவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் கஷ்டம்.

வகுப்பில் யாராவது, 'ஒருத்தர் 62 நாணயத்தைக் கொட்டினா கடைக்காரர் வாங்கித்தான் ஆகணுமா?' என்று கேட்டால் அதற்குச் சட்டத்தில் நேரடியான பதில் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்கள் 1,000 ரூபாய் வரையான தொகைக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் பணம். கதிரின் பையில் இருந்தது 620 ரூபாய்.